ஓ குரூப் ரத்தத்தை எல்லோருக்கும் ஏற்றலாமா? பையில் இருப்பதும் ஆளிடம் இருப்பதும்

ஃபைனல் இயர் பசங்களிடம் “ஓ குரூப் யூனிவர்சல் டோனரா?” என்று கேட்டால் கேள்வி முடிவதற்குள் “ஆமாம் சார்” என்று பதில் வந்துவிடும். “அப்படியென்றால் ஓ குரூப் பிளாஸ்மாவை ஏ குரூப் நோயாளிக்கு ஏற்றலாமா?” என்று அடுத்த கேள்வி போட்டால் ஒரு நொடி அமைதி, அப்புறம் யாராவது ஒருவர் தயங்கியபடி “ஓ தானே சார், ஏற்றலாம்” என்பார். தப்பு. அவர் மேல் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே நாம் எல்லோரும் அம்புக்குறி போட்ட ஒரு படத்தை மனப்பாடம் செய்துவிட்டோம், அந்த அம்பு எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தில் தேர்வுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்பது என் அனுபவம். பையில் என்ன இருக்கிறது, ஆளிடம் என்ன இருக்கிறது, இரண்டில் எது எதைத் தாக்கும்? அவ்வளவுதான். குரூப் பொருத்தம், ரத்தக் கூறுகள், ஏற்றும்போது வரும் விபரீதங்கள் மூன்றையும் இந்த ஒரு நூலில் கோர்த்துப் பார்ப்போம்.

## நீல பனியனும் மஞ்சள் பனியனும்

பள்ளி விளையாட்டு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ குரூப்காரரின் சிவப்பணுக்கள் எல்லாம் நீல பனியன் போட்டிருக்கின்றன. பி குரூப் என்றால் மஞ்சள். ஏபி என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டும். ஓ குரூப்பில் நிறமே இல்லாத வெறும் வெள்ளை. அணுவின் மேல் இருக்கும் இந்த அடையாளத்துக்குத்தான் ஆன்டிஜென் என்று பெயர்.

சிவப்பணுக்கள் மிதக்கும் மஞ்சள் திரவம் பிளாஸ்மா. அதில் காவலாளிகள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தன் வீட்டில் இல்லாத நிறம் கண்ணில் பட்டால் பாய்ந்து பிடிப்பது இவர்கள் வேலை. இவர்கள்தான் ஆன்டிபாடி. ஏ குரூப்காரரிடம் மஞ்சளைப் பிடிக்கும் காவலாளி உண்டு, பி குரூப்காரரிடம் நீலத்தைப் பிடிப்பவர் உண்டு, ஓ குரூப்காரரிடம் இரண்டு நிறத்துக்கும் ஆள் இருக்கிறார்கள், ஏபியிடம் ஒருவரும் இல்லை. நிறங்களை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. லேபில் ஏ ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஆன்டிசீரம் நீல நிறப் புட்டியிலும், பி ஆன்டிஜெனைப் பிடிப்பது மஞ்சள் புட்டியிலும்தான் வரும்.

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டது இந்தக் கணக்கைத்தான். தன் லேபில் இருந்தவர்களின் ரத்தத்தை ஒருவருடையதோடு இன்னொருவருடையதைக் கலந்து எது திரள்கிறது, எது திரளவில்லை என்று பார்த்தார். 1930இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பனியன் கதை ஒரு இடத்தில் இடிக்கும். வாழ்நாளில் ஒருமுறைகூட ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஓ குரூப்காரருக்கு நீலத்தையும் மஞ்சளையும் எப்படித் தெரியும்? இந்த நிறங்கள் உண்மையில் சர்க்கரை மூலக்கூறுகள். அடிப்படையாக எச் என்ற ஒரு சங்கிலி இருக்கிறது. அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி, ஒன்றும் ஒட்டாமல் எச் மட்டும் நின்றால் ஓ. இதே மாதிரியான சர்க்கரைகள் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் உண்டு. குழந்தை பிறந்து சில மாதங்களில் அவை குடலில் குடியேற, தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி தயாரித்துவிடுகிறது. அதனால்தான் பச்சைக்குழந்தைக்கு குரூப் பார்க்கும்போது பிளாஸ்மாவை நம்புவதில்லை, அணுவை மட்டும் பார்க்கிறோம்.

இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஎம் வகை. ஐஜிஎம் என்றால் பத்துக் கைகள் உள்ள காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரத்தில் பல அணுக்களைச் சேர்த்துப் பிடித்துவிடுவார். கூடவே காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தையும் கூவி அழைப்பார். அந்தக் கூட்டம் வந்து அணுவின் சுவரில் ஓட்டை போட்டு, ரத்தக் குழாய்க்குள்ளேயே அணுவை உடைக்கும். பிற்பாடு வரப்போகும் ஆபத்து முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆர்எச் கதை வேறு. ஆர்எச் பாசிட்டிவ் என்றால் அணுவின் மேல் டி ஆன்டிஜென் இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை. இது சர்க்கரை அல்ல, புரதம், குடல் பாக்டீரியாவிடம் இது கிடையாது. ஆகவே நெகட்டிவ் ஆளிடம் பிறவியிலேயே ஆன்டி-டி இருக்காது. பாசிட்டிவ் ரத்தம் ஏறினாலோ, பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்தாலோதான் உருவாகும். முதல்முறை தப்பாக ஏற்றினால் அன்றைக்கே பெரிய கலவரம் நடக்காமல் போவது இதனால்தான். அவசர சிகிச்சையில் ஓ நெகட்டிவ் கையிருப்பு குறைவாக இருந்தால், அதைக் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டு ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் ஏற்றுவதற்கும் இதே காரணம்தான்.

இதுவரை பார்த்தது: ஆன்டிஜென் அணுவின் மேல், ஆன்டிபாடி பிளாஸ்மாவில். ஏபிஓ ஆன்டிபாடி இயல்பாகவே தயாராக இருக்கும், முதல் துளியிலேயே தாக்கும். ஆர்எச் ஆன்டிபாடி பழக்கத்தால் வருவது.

## ஒரு பை மூன்று பை ஆகும்போது

பாலை அப்படியே குடிப்பவர்கள் உண்டு, ஆனால் கடைந்து எடுத்தால் வெண்ணெய் ஒரு வேலைக்கு, மோர் இன்னொரு வேலைக்கு. தானமாக வரும் 350 அல்லது 450 மில்லி ரத்தமும் அப்படித்தான். சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினால் கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், பிளாஸ்மா மேலே நிற்கும், அதைப் பிரித்து அதிலிருந்து பிளேட்லெட்டையும் எடுக்கலாம்.

மூன்றுக்கும் மூன்று வேறு இடம். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும், உள்ளே சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். பிளேட்லெட்டைக் குளிரில் வைத்தால், ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே உடம்பு அதை வடிகட்டி எறிந்துவிடும், அதனால் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கிறோம், ஆயுள் 5 நாள்தான். சாதாரண அறை வெப்பம் பாக்டீரியாவுக்கும் சௌகரியம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். பிளாஸ்மாவை உறைய வைத்து மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே ஒரு வருடம் வரை வைக்கலாம். அந்த உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெதுவாக உருக விட்டால் அடியில் தங்கும் வண்டல்தான் கிரையோ. பசங்க “கிரையோவில் எல்லா உறைதல் காரணிகளும் இருக்கும்” என்று எழுதுவார்கள், இல்லை. ஃபைப்ரினோஜென், எட்டாம் காரணி, வான் வில்பிராண்ட் காரணி, பதிமூன்றாம் காரணி ஆகியவைதான் அதில் முக்கியம். ஒன்பதாம் காரணி இல்லாத ஹீமோஃபீலியா பி நோயாளிக்கு கிரையோ உதவாது.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சிவப்பணுப் பையில் பிளாஸ்மா கொஞ்சம்தான் இருக்கும், கிட்டத்தட்ட முழுதும் பனியன் போட்ட அணுக்கள். ஆகவே கவலை ஒன்றே ஒன்று: பையில் உள்ள பனியனை ஆளிடம் உள்ள காவலாளி பிடிப்பாரா? ஓ அணுவில் நிறமே இல்லை, யாரும் பிடிக்க மாட்டார்கள். எல்லோருக்கும் போகும். ஏபி நோயாளியிடம் காவலாளியே இல்லை, எந்த அணுவையும் வாங்கிக்கொள்வார்.

பிளாஸ்மாப் பையில் அணு இல்லை, காவலாளிகள் மட்டும்தான். கேள்வி இப்போது தலைகீழ்: பையில் உள்ள காவலாளி, ஆளிடம் உள்ள பனியனைப் பிடிப்பாரா? ஓ பிளாஸ்மாவில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஆள் இருக்கிறார்கள், அது ஓ நோயாளிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஏபி பிளாஸ்மாவில் ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் போகும். அணுவில் எல்லோருக்கும் கொடுப்பவர் ஓ, பிளாஸ்மாவில் எல்லோருக்கும் கொடுப்பவர் ஏபி. அம்புக்குறிப் படம் அணுக்களைப் பற்றி மட்டும் பேசியது, அதை நமக்கு யாரும் சொல்லவில்லை.

“அப்போ இரண்டாம் உலகப் போரில் ஓ முழு ரத்தத்தையே காயம்பட்ட எல்லோருக்கும் ஏற்றினார்களே?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பையில் இருந்த பிளாஸ்மா நோயாளியின் உடம்பிலுள்ள ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும் என்பதை நம்பித்தான் அதைச் செய்தார்கள், அதிலும் அமெரிக்க ராணுவம் ஆன்டிபாடி அளவு குறைவாக இருந்த ஓ பைகளாகத் தேர்ந்தெடுத்தது. அளவு கூடினால் அந்தச் சலுகை செல்லாது.

பிளேட்லெட் நடுவில் நிற்கும் கேஸ். அது பிளாஸ்மாவில்தான் மிதக்கிறது, கூடவே துளி சிவப்பணுவும் ஒட்டியிருக்கும். ஆகவே முடிந்தவரை அதே குரூப் கொடுப்பார்கள், கிடைக்காவிட்டால் மாற்றுக் குரூப்பும் ஏற்றுவார்கள். டெங்கு காலத்தில் “பிளேட்லெட்டுக்கு எந்த குரூப் டோனரும் வரலாம்” என்று செய்தி பரவுவது முழுப் பொய் அல்ல, முழு உண்மையும் அல்ல. ஆர்எச் நெகட்டிவ் இளம்பெண்ணுக்கு பாசிட்டிவ் பிளேட்லெட் ஏற்ற நேர்ந்தால், ஒட்டியிருக்கும் அந்தத் துளி சிவப்பணுவுக்கு எதிராக அவர் உடம்பே ஆன்டிபாடி உருவாக்கிவிடாமலிருக்க ஆன்டி-டி ஊசி போடுவோம்.

சுருக்கமாக: எந்தக் கூறு என்று முதலில் பாருங்கள். அணு என்றால் பையின் ஆன்டிஜெனும் ஆளின் ஆன்டிபாடியும். பிளாஸ்மா என்றால் பையின் ஆன்டிபாடியும் ஆளின் ஆன்டிஜெனும்.

## ஏற்றும் முன் லேபில் நடப்பது

முன்பக்க குரூப்பிங்கில் நோயாளியின் அணுக்களை, நமக்குத் தெரிந்த ஆன்டிசீரத்தோடு கலந்து திரள்கிறதா என்று பார்க்கிறோம். பின்பக்க குரூப்பிங்கில் நோயாளியின் பிளாஸ்மாவை, நமக்குத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலக்கிறோம். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கடைசியாக கிராஸ்மேட்ச்: நோயாளியின் பிளாஸ்மாவும் அவருக்கென்று எடுத்து வைத்த அந்தப் பையின் அணுவும் நேருக்கு நேர். உண்மையான ஏற்றலுக்கு முன் டியூபில் நடக்கும் ஒத்திகை இது.

ஒத்திகையில் ஒரு சிக்கல். ஐஜிஜி என்ற சின்ன ஆன்டிபாடிக்கு இரண்டே கை. அணுவின் மேல் உட்காரும், ஆனால் பக்கத்து அணுவைச் சேர்த்துப் பிடிக்கக் கை எட்டாது. திரளவில்லை என்று நாம் ஏமாந்துவிடுவோம். 1945இல் கூம்ப்ஸும் அவர் சகாக்களும் கண்டுபிடித்த வழி எளிமையானது: ஐஜிஜியையே பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்று, அது இரண்டு பக்கமும் கைகோத்து அணுக்களைச் சேர்த்துவிடும். டியூபில் பிளாஸ்மாவையும் அணுவையும் கலந்து இதைச் செய்தால் இன்டைரக்ட் கூம்ப்ஸ். நோயாளியின் உடம்பிலேயே ஆன்டிபாடி ஒட்டிக்கொண்ட அணுக்களை எடுத்துப் பார்த்தால் டைரக்ட் கூம்ப்ஸ்.

பின்பக்க குரூப்பிங் எதற்கு, வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு பாம்பே குரூப் பதில் சொல்லும். 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் விவரித்தது. இவர்களிடம் அடிப்படைச் சங்கிலியான எச்கூட இல்லை, அதனால் ஏ, பி ஒட்டவே இடமில்லை. நீலப் புட்டியிலும் மஞ்சள் புட்டியிலும் திரளாது, பார்த்தவுடன் ஓ என்று எழுதத் தோன்றும். ஆனால் இவர்களுடைய பிளாஸ்மாவில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி கூடவே ஆன்டி-எச்சும் இருக்கிறது. ஓ அணுவில் நிறைய இருப்பதே எச் தான், அதனால் பின்பக்க குரூப்பிங்கில் ஓ அணுவும் திரண்டு காட்டிக்கொடுக்கும். எத்தனை ஓ பை எடுத்து கிராஸ்மேட்ச் செய்தாலும் அத்தனையும் பொருந்தாது. இன்னொரு பாம்பே குரூப் ஆளின் ரத்தம்தான் சேரும். “ஓ குரூப் நோயாளி, எல்லா ஓ பையும் பொருந்தவில்லை” என்று கேள்வியில் வந்தால் வேறு எங்கும் அலைய வேண்டாம்.

## ஒரு கேஸ்: பதினைந்தாவது நிமிடம்

தேர்வில் வரும் பாணியிலேயே ஒன்று பார்ப்போம். கர்ப்பப்பை நீக்க அறுவைக்குப் பின் வார்டில் 42 வயதுப் பெண், ஓ பாசிட்டிவ், ஹீமோகுளோபின் 6.4. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்ற முடிவு. ஒரு யூனிட்டுக்குத் தோராயமாக ஒரு கிராம் ஏறும் என்பது கணக்கு. இரவு இரண்டு மணிக்குப் பை மாட்டப்படுகிறது. பதினைந்து நிமிடத்தில், சுமார் 40 மில்லி போனபோது, ஊசி போட்ட கை எரிகிறது என்கிறார், இடுப்பு வலிக்கிறது, “ஏதோ மாதிரி இருக்கு சிஸ்டர், பயமா இருக்கு” என்கிறார். காய்ச்சல் 37லிருந்து 38.7 டிகிரி. ரத்த அழுத்தம் 126/80லிருந்து 84/50. யூரின் பையில் கோகோ கோலா நிறம்.

முதல் வேலை பையை நிறுத்துவது. யோசித்துவிட்டு நிறுத்துவதல்ல, நிறுத்திவிட்டு யோசிப்பது. ஊசியைப் பிடுங்கக் கூடாது, அந்த வழி இனி தேவைப்படும். டியூபை மாற்றிப் புது செட்டில் நார்மல் சலைன் போடுங்கள், பழைய டியூபில் மீதமிருக்கும் ரத்தமும் உள்ளே போகக் கூடாது. அடுத்து கட்டிலருகிலேயே நின்று நோயாளியிடம் பெயரைக் கேட்டு, கைப்பட்டை, பை லேபிள், கிராஸ்மேட்ச் சீட்டு மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டார்கள். பை ஏ பாசிட்டிவ். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

இங்கே எல்லோரும் மறக்கும் ஒன்று: இவருக்கு வந்த பை எங்கே? அது அந்த அம்மாவின் கையில் ஏறிக்கொண்டிருக்கலாம். உடனே ஓடிப் பார்க்க வேண்டியது பக்கத்துக் கட்டில். (இந்தக் கேஸில் ஓ அணு ஏ நோயாளிக்குப் போயிருக்கும், அவர் தப்பித்திருப்பார். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லுவீர்கள்.)

இப்போது உடம்புக்குள் நடந்ததைப் பாருங்கள். ஓ நோயாளியிடம் நீலத்தைப் பிடிக்கும் ஐஜிஎம் ஏற்கனவே தயார். ஏ அணு உள்ளே வந்ததும் பிடித்தது, காம்ப்ளிமென்ட்டை அழைத்தது, அணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்தன. வெளியே சிந்திய ஹீமோகுளோபின் பிளாஸ்மாவைச் சிவப்பாக்கி, சிறுநீரகம் வழியே யூரினில் இறங்கியது. காம்ப்ளிமென்ட் உடைந்த துண்டுகள் ரத்தக் குழாய்களை விரித்தன, அழுத்தம் விழுந்தது. சைட்டோகைன் என்ற செய்தி மூலக்கூறுகள் காய்ச்சலைக் கொண்டுவந்தன. உடைந்த அணுவின் குப்பைகள் உறைதலைத் தூண்டிவிட, உறைதல் காரணிகள் தீர்ந்துபோய், அறுவைக் காயத்திலிருந்து ரத்தம் கசியத் தொடங்கலாம். மயக்க மருந்தில் இருக்கும் நோயாளி எரிகிறது, வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். தியேட்டரில் காரணமில்லாமல் அழுத்தம் விழுவது, எல்லா இடத்திலும் கசிவது, சிவப்பு யூரின், இந்த மூன்றுதான் அங்கே சாட்சி.

ரத்த வங்கிக்கு மீதமுள்ள பை, டியூப், நோயாளியின் புது ரத்த சாம்பிள், யூரின் எல்லாம் போகும். அங்கே முதலில் காகிதம் சரிபார்ப்பார்கள். அப்புறம் ஏற்றுவதற்கு முன் எடுத்த சாம்பிளையும் பின் எடுத்ததையும் சுற்றி, பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, பிளாஸ்மாவின் நிறத்தை வெறும் கண்ணால் பார்ப்பார்கள். முன்னது வைக்கோல் மஞ்சள், பின்னது இளஞ்சிவப்பு என்றால் பாதி விடை வந்துவிட்டது. குரூப்பிங் திரும்பச் செய்வார்கள், டைரக்ட் கூம்ப்ஸ் போடுவார்கள். அது பாசிட்டிவ் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் நெகட்டிவ் என்று வந்தாலும் நிம்மதி அடையக் கூடாது, தப்பான அணுக்கள் எல்லாமே உடைந்து தீர்ந்துவிட்டிருந்தால் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டிருக்க அணுவே மிச்சமிருக்காது. நான் ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்தபோது இந்த இடத்தில் ஒருமுறை தடுமாறி, சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிகிச்சையின் மையம் சிறுநீரகத்தைக் காப்பது. திரவம் கொடுத்து அழுத்தத்தைத் தூக்கி யூரின் ஓட்டத்தைக் காப்பாற்ற வேண்டும், உறைதல் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் காரணம் லேபில் நடந்த தவறு அல்ல. உயிரைப் பறிக்கும் ஏபிஓ பொருத்தமின்மையில் பெரும்பாலானவை இப்படித்தான், பெயர் மாறியதும், சாம்பிளில் லேபிள் மாறியதும், கட்டிலருகே சரிபார்க்காமல் விட்டதும். “மிகப் பொதுவான காரணம் எது?” என்ற கேள்விக்கு அரிய ஆன்டிபாடி எதையும் தேடாதீர்கள், பெயரோ லேபிளோ மாறும் பதிவுப் பிழைதான் விடை.

## எல்லாக் காய்ச்சலும் இதுவா?

இல்லை. ஏற்றும்போது வரும் காய்ச்சலில் பெரும்பாலானது சாதுவானது. பையிலிருக்கும் வெள்ளையணுக்கள் நாள்பட நாள்பட சைட்டோகைனைக் கசியவிடும், அதை ஏற்றியதும் குளிரும், காய்ச்சலும் வரும். சில நேரம் நோயாளியிடம் அந்த வெள்ளையணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடியே இருக்கும், பல முறை ரத்தம் ஏற்றியவர்களிடமும் பல பிரசவம் கண்டவர்களிடமும். அழுத்தம் சரியாக இருக்கும், பிளாஸ்மா மஞ்சளாகவே இருக்கும், கூம்ப்ஸ் நெகட்டிவ். இதற்குத் தனியாக ஒரு பரிசோதனை கிடையாது, மற்றவை இல்லை என்று தெரிந்த பிறகே இந்தப் பெயரை வைக்க முடியும். சேமித்து வைக்கும் முன்பே வெள்ளையணுக்களை வடிகட்டிவிட்டால் இது நன்றாகக் குறையும்.

காய்ச்சல் 2 டிகிரிக்கு மேல் ஏறி, கட்டில் ஆடுகிற அளவு நடுக்கம் வந்து, அழுத்தமும் விழுந்தால் பையில் பாக்டீரியா என்று சந்தேகிக்க வேண்டும், அதிலும் ஏற்றியது பிளேட்லெட் என்றால். அறை வெப்பம் என்று முன்னால் சொன்னது இங்கே வந்து நிற்கிறது. பையிலிருந்தும் நோயாளியிடமிருந்தும் கல்ச்சர் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள்.

வெறும் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் பையின் பிளாஸ்மாவிலுள்ள ஏதோ ஒரு புரதம் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தி, அலர்ஜி மருந்து கொடுத்து, அடங்கியதும் அதே பையை மெதுவாகத் தொடரலாம். அதே பையைத் தொடர அனுமதி உள்ள விபரீதம் இது ஒன்றுதான். தொடங்கிய சில நிமிடத்திலேயே, காய்ச்சல் இல்லாமல், மூச்சு அடைத்து அழுத்தம் விழுந்தால் அது அனஃபிலாக்சிஸ், ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே உடம்பில் இல்லாதவர்களை நினைக்க வேண்டும், அவர்களுக்கு அடுத்த முறை கழுவிய சிவப்பணு.

நினைவில் நிற்க: காய்ச்சலோடு சிவப்பு பிளாஸ்மா என்றால் அணு உடைந்தது, காய்ச்சலோடு அதிர்ச்சியும் மஞ்சள் பிளாஸ்மாவும் என்றால் பாக்டீரியா, இரண்டும் இல்லாத காய்ச்சல் என்றால் வெள்ளையணு வேலை.

## மூச்சு வாங்கினால்

இரண்டு பெயர்களைப் பசங்க எப்போதும் குழப்பிக்கொள்வார்கள், டிராலி, டாக்கோ. இரண்டிலும் ஏற்றிய சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல், இரண்டிலும் எக்ஸ்ரேயில் இரு நுரையீரலும் வெள்ளை.

டாக்கோ வெறும் பம்ப் பிரச்சினை. 68 வயது இதயநோயாளிக்கு இரண்டு யூனிட்டை வேகமாக ஓட்டிவிட்டால் இதயத்தால் தள்ள முடியாமல் நுரையீரலில் தண்ணீர் தேங்கும். அழுத்தம் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பிஎன்பி அளவு கூடும், யூரினை வெளியேற்றும் ஃப்ரூஸ்மைடு போட்டால் இறங்கும்.

டிராலியில் நம் பழைய கேள்வி திரும்ப வருகிறது. இங்கே காவலாளி பையில் இருக்கிறார். பல பிரசவம் கண்ட டோனரின் பிளாஸ்மாவில், குழந்தைகளின் வெள்ளையணு அடையாளங்களுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி இருக்கலாம். அது நோயாளியின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை நுரையீரலில் வைத்துத் தூண்டிவிட, குழாய்ச் சுவர் ஒழுகத் தொடங்கும். இதயம் நன்றாகத்தான் இருக்கும். அழுத்தம் பெரும்பாலும் விழும், காய்ச்சல் வரலாம், 6 மணி நேரத்துக்குள் தெரியும், ஃப்ரூஸ்மைடால் பலன் இருக்காது, ஆக்சிஜனும் தேவைப்பட்டால் வென்டிலேட்டரும்தான் வழி. பிளாஸ்மா அதிகமுள்ள கூறுகளில் இது கூடுதல் என்பதும், பல நாடுகளில் பிளாஸ்மாவுக்கு ஆண் டோனர்களைத் தேடுவதும் இப்போது தானாகவே புரியும்.

## வீட்டுக்குப் போன பிறகு

ஏழாம் நாள் ஒருவர் திரும்பி வருகிறார். கண் மஞ்சள், லேசான காய்ச்சல், ஏற்றிய ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியாமல் ஹீமோகுளோபின் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. பல வருடம் முன்பு ரத்தம் ஏற்றியவர். அப்போது கிட் போன்ற ஒரு சின்ன ரத்த வகைக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி, நாளடைவில் அளவு குறைந்து, கிராஸ்மேட்ச் கண்ணுக்குத் தப்பியது. இம்முறை அதே ஆன்டிஜென் வந்ததும் உடம்பு பழைய ஞாபகத்தைத் தட்டி எழுப்பி ஐஜிஜியை உற்பத்தி செய்துவிட்டது. ஐஜிஜி ஒட்டிய அணுக்களை மண்ணீரல் மெதுவாகத் தின்னும், அதனால்தான் இங்கே சிவப்பு யூரினைவிட மஞ்சள் கண் அதிகம். டைரக்ட் கூம்ப்ஸ் பாசிட்டிவ்.

கடைசியாக, நம் ஊரில் எல்லோரும் நம்பும் ஒன்று: “வெளியாள் ரத்தம் வேண்டாம் டாக்டர், பெத்த பிள்ளை இருக்கான், அவன் கொடுப்பான்.” கேட்கப் பாசமாக இருக்கும், ஆனால் எல்லா விபரீதங்களிலும் மிக மோசமான ஒன்றுக்கு இதுதான் வாசல். சாதாரணமாகப் பையிலுள்ள டோனரின் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியன் என்று கண்டு கொன்றுவிடும். பெற்றவர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்றால் வெள்ளையணு அடையாளங்கள் ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. பிள்ளையின் அணுவில் தாயிடம் இல்லாத அடையாளம் ஒன்றுமே இல்லாமல் போனால், தாயின் உடம்பு அதை வீட்டு ஆள் என்று விட்டுவிடும். ஆனால் தாயிடம் பிள்ளையிடம் இல்லாத அடையாளமும் இருக்கிறது. உள்ளே நுழைந்த லிம்போசைட் அதைப் பார்த்து, தாயையே அந்நியன் என்று தாக்கத் தொடங்கும். எட்டுப் பத்து நாளில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, பேதி, கல்லீரல் பாதிப்பு, அப்புறம் எலும்பு மஜ்ஜையே அழிந்து எல்லா ரத்த அணுக்களும் விழும். 100 பேரில் 90 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

வெள்ளையணுக்களை வடிகட்டுவது இதற்குப் போதாது, தப்பிய சிலவே பெருகிவிடும். பையை 25 கிரே கதிர்வீச்சில் வைத்தால் லிம்போசைட் உயிரோடு இருந்தாலும் பிரிந்து பெருக முடியாது. நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் என்றால் கதிர்வீச்சு கொடுத்த பைதான், அந்த வசதி இல்லாத இடத்தில் பிள்ளையின் யூனிட்டை ரத்த வங்கி வேறு நோயாளிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு முகம் தெரியாத யாரோ ஒருவரின் பையைக் கொடுக்கும்.